மனப்பாடம் இல்லாத இரண்டு நிமிடம்

எங்கள் ஊரில் இல்லாத ஒரு ஷாப்பிங் மாலைப் பற்றிப் பேசித்தான் முதல் தடவை நான் தோற்றேன்.

சென்னையில் ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடியில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடந்தது. மேசைக்கு அந்தப்புறம் தேர்வாளர், இந்தப்புறம் நான், நடுவில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. முதலில் ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று நாலைந்து கேள்வி கேட்டார். அதுவரை சமாளித்துவிட்டேன். பிறகு அந்த அட்டையை என் முன்னால் வைத்தார். அதற்கு கியூ கார்டு என்று பெயர். மேலே ஒரு வரி: 'நீங்கள் அடிக்கடி போகும் ஒரு கடையைப் பற்றிச் சொல்லுங்கள்.' கீழே நாலு சின்ன வரிகள்: என்ன கடை, எங்கே இருக்கிறது, அங்கே என்ன வாங்குவீர்கள், ஏன் அந்தக் கடைக்குப் போகிறீர்கள். யோசிக்க ஒரு நிமிடம். குறிப்பு எழுதிக்கொள்ள ஒரு தாளும் பென்சிலும். அதன் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் நான் மட்டும் பேச வேண்டும்.

அட்டையைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கடை என்றால் பதினேழாம் நம்பர் பதில்.

நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸ். வயது இருபத்தாறு. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் என் அப்பா — எனக்கு அய்யா — மிளகாய் போட்டுக்கொண்டிருந்தார். கூடப் படித்த மூன்று பேர் இங்கிலாந்து போய்விட்டார்கள். நானும் போக வேண்டுமென்றால் இந்த ஆங்கிலப் பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என நாலிலும் தனித்தனியாக ஒன்பதுக்கு ஏழு எடுத்தாக வேண்டும். அதற்காக ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு வகுப்பில் படித்தேன். அங்கே இருந்த சார் எங்களுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தார். நாற்பது தலைப்பு, நாற்பது பதில். "இதுல ஒண்ணு வராமப் போகாது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்பார். நானும் சொல்வேன். வார்டில் டிரிப் ஏற்றிக்கொண்டே உதடு அசைக்காமல் ஒப்பித்துப் பார்ப்பேன்.

பதினேழாம் நம்பர் பதில் ஒரு ஷாப்பிங் மாலைப் பற்றியது. நாலு மாடி, நகரும் படிக்கட்டு, குளிரூட்டிய தியேட்டர். அதைத்தான் ராமநாதபுரத்தில் கொண்டுவந்து வைத்தேன். கொடுத்த ஒரு நிமிடத்தில் எதையும் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும், எல்லாம் தலைக்குள் இருக்கிறதே.

தேர்வாளர் ஆரம்பிக்கச் சொன்னதும் கொட்டினேன். ஒரே மூச்சு. எங்கே நிறுத்துவது, எங்கே குரல் ஏற்றி இறக்குவது என்று ஒன்றும் கிடையாது. கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஐம்பது வினாடிக்குமேல் ஆகியிருக்காது.

"இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது நோட்டில் இருந்த அந்த ஒரு பக்கம் மட்டும்தான். திரும்பவும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை தவறிவிட்டது. தவறினால் அதற்கு அடுத்த வரி வராது. மனப்பாடத்தின் கோளாறே அதுதான். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்தையும் கருவி பதிவு செய்துகொண்டிருந்தது.

அவர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். "உங்கள் சிநேகிதிகளும் அந்தக் கடைக்கு வருவார்களா?"

அந்த மாலே இல்லை, சிநேகிதிகள் எங்கே வருவார்கள்? "யெஸ்" என்றேன். அதற்கப்புறம் பெரிய கடைகள் வந்தால் சின்னக் கடைகள் என்ன ஆகும் என்பது போல அவர் கேட்ட எதற்கும் ஒழுங்காகப் பதில் வரவில்லை.

திரும்பி வந்த அன்று ஹாஸ்டலுக்குப் போகும் வழியில் ஊக்கு வாங்க ஒரு கடையில் நின்றேன். கீழக்கரைக்காரர் ஒருவருடைய கடை. ஐந்து வருடமாக அங்கேதான் ஊக்கு, நூல், சோப்பு, போனுக்கு ரீசார்ஜ் எல்லாம். வெள்ளை யூனிஃபார்மோடு போனால் "சிஸ்டருக்கு முதல்ல குடுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கூட்டத்தை விலக்குவார். அன்று யூனிஃபார்ம் இல்லாமல் போயும் அப்படித்தான் சொன்னார். இந்தக் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே! கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் ஷாம்பு சரம் முதற்கொண்டு எனக்குத் தெரியும். அட்டையில் கேட்டதும் இதைத்தானே?

தபாலில் வந்த மதிப்பெண் தாளில் மற்ற மூன்றிலும் ஏழு, பேச்சில் ஐந்து. ஒன்றில் விழுந்தாலும் நாலையும் மறுபடி எழுத வேண்டும்.

அய்யாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பேச்சுலயா போச்சு?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். "நீ வாய மூடி நான் பாத்ததில்லையே ஆத்தா." அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. எனக்கும்தான்.

என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி, தங்கச்சிமடத்துக்காரி. என் வயதுதான். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு. வார்டில் அவள் இருக்கிற பக்கம் சத்தம் இருக்கும். நோயாளிகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அவளும் அதே பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். என் மதிப்பெண் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்த நோட்டு எங்கிட்டயும்தான் இருக்கு. இருபது படிச்சிட்டேன். இப்ப என்ன செய்ய?"

"தெரியலடி."

"அப்ப நோட்ட விட்டுட்டு நாமளே பேசிப் பாப்போம். ஹாஸ்டல்ல ஆறு பேருக்கு மத்தியில முடியாது. எங்க வீட்டுக்கு வா. பஸ்லயே ஆரம்பிச்சிரலாம்."

காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் கிளம்புகிற நாட்களில் அவளோடு போக ஆரம்பித்தேன். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை வழக்கமான அரட்டை. மண்டபம் தாண்டியதும் அவள் கைப்பையிலிருந்து அட்டைகளை எடுப்பாள். மருந்து டப்பாக்களின் அட்டையைக் கத்தரித்துப் பின்பக்கம் எழுதியவை. கடை, நண்பர், பயணம், பரிசு, கட்டடம் என்று நாங்கள் இருவரும் மாறி மாறி எழுதிப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். ஒரு நிமிடம் யோசனை. பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பேச ஆரம்பிக்க வேண்டும். பாலம் இறங்கும் வரை நிறுத்தக் கூடாது.

இந்த விதியை அவள்தான் போட்டாள். பாலத்தைக் கடக்க மூன்று நிமிடம் ஆகும். நாடி பார்ப்பதற்காக வைத்திருக்கும் கைக்கடிகாரத்தில் நான் அளந்து பார்த்தேன். "மூணு பேசுனா ரெண்டு தன்னால வரும்" என்பது அவள் கணக்கு.

வரவில்லை. நான் முப்பது வினாடியில் நின்றேன். அவள் நாற்பதில் நின்றாள். தமிழில் ஓயாமல் பேசுகிறவள் ஆங்கிலத்தில் 'இட் இஸ் வெரி நைஸ்' என்று மூன்று தடவை சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர், பக்கத்தில் ரயில் பாலம். மீதிப் பாலம் முழுக்க இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தோம். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாரம் இப்படியே போனது. மனப்பாடத்தை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டிலிருந்த வரிகள் வேறு கூப்பிடாமலே வந்து நின்றன. பரிசு என்று அட்டை வந்தால் 'பரிசுகள் மனித உறவுகளின் பாலம்' என்று அவள் தொடங்குவாள். நான் அவள் தொடையில் கிள்ளுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கருவாட்டுக்கார அக்கா எங்கள் நடுவில் வந்தார். ராமநாதபுரத்தில் தெருத்தெருவாகக் கருவாடு விற்றுவிட்டு காலி அலுமினியச் சட்டியோடு அதே பஸ்ஸில் திரும்புகிறவர். தங்கச்சிமடத்திலேயே இறங்குவார். அவளுக்கு ஏற்கெனவே பழக்கமானவர். எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து தினமும் இந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒருநாள் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏ புள்ள, ரெண்டு பேரும் இங்கிலீசுல சண்டையா போடுறீக?"

"இல்லக்கா, பரீட்சைக்குப் பேசிப் பழகுறோம்."

"என்னத்தப் பேசுன இப்ப?"

அன்று அவளுக்கு வந்த அட்டை, 'உங்களுக்குக் காணாமல்போன ஒரு பொருள்.' வீட்டில் வளர்த்த ஆட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஆடு காணாமல் போனது, தேடினோம், கிடைத்தது, சந்தோஷப்பட்டோம். நாலு வாக்கியம். அதைத் தமிழில் அக்காவிடம் சொன்னாள்.

அக்கா திருப்தியடையவில்லை. "கெடாவா, பெட்டையா?"

"பெட்டைக்கா. கறுப்பு. ஒரு காது மட்டும் வெள்ள."

"எப்படித் தொலஞ்சுச்சு? கட்டிப் போடலையா?"

"நான்தான்க்கா அவுத்து விட்டுட்டு கேரம் போர்டு விளையாடப் போயிட்டேன்."

"அப்ப உன்மேலதான் தப்பு. எங்கன கெடந்துச்சு?"

"சர்ச்சு சமையக்கட்டுல. திருவிழாவுக்கு வச்சிருந்த வாழையிலயத் தின்னுக்கிட்டு நின்னுச்சு. சாமியார் பாத்துட்டு எங்க அப்பாவக் கூப்பிட்டுவிட்டார்."

"அப்பன் அடிச்சாரா?"

"அடிக்கலக்கா. மறுநாள் புது எல வாங்கி நான்தான் தலையில சொமந்துக்கிட்டுப் போய் குடுத்தேன். முப்பது எல."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ் எப்போதோ பாலத்தை விட்டு இறங்கியிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், நானும் அந்த ஆட்டை முதல் முறையாகப் பார்த்தேன். இத்தனையும் அவளிடம் இருந்திருக்கிறது. 'ஆடு காணாமல் போனது' என்ற ஒரு வரிக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டிருக்கிறாள்.

"இதயெல்லாம் ஏண்டி சொல்லல?" என்றேன்.

"இதப் போய் வெள்ளைக்காரன்கிட்ட சொல்லுவாகளா?"

"ஏன் சொல்லக் கூடாது?"

அப்படிக் கேட்டதும் எனக்கு அந்த மாலும் கீழக்கரைக்காரர் கடையும் ஞாபகம் வந்தன. நாங்கள் இருவருமே, பரீட்சை என்றால் நம்மிடம் இருப்பதைவிட உசத்தியாக எதையாவது காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கேட்பது ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து சொல்ல வருகிறதா என்பதைத்தான். சரளமும் சொல்லும் இலக்கணமும் உச்சரிப்பும்தான் மதிப்பெண். ஆட்டுக்கு மதிப்பெண் குறைவு, மாலுக்கு அதிகம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து பயிற்சி மாறியது. ஒருத்தி பேசுவாள். மற்றவள் கருவாட்டுக்கார அக்கா மாதிரி குறுக்கே கேட்பாள். என்ன நிறம்? யார் கூட இருந்தாங்க? நீ என்ன சொன்ன? அப்புறம்? முதல் வாரம் கேள்வி கேட்டுத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் கேட்காமலே, யாரோ கேட்டதாக நினைத்துக்கொண்டு பேசப் பழகினோம். நடந்ததைச் சொன்னால் இறந்தகாலம் தானாக வந்தது. இப்போது அது எப்படி இருக்கிறது என்று சொன்னால் நிகழ்காலம். மறுபடி நடந்தால் என்ன செய்வேன் என்று சொன்னால் எதிர்காலம். இலக்கணத்துக்கென்று தனியாகப் பயப்படத் தேவையில்லாமல் போனது. வார்த்தை தெரியாவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு மேலே போனோம். நின்று யோசித்தால்தான் கஷ்டம்.

யோசிக்கக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. முழு முழு வாக்கியமாக எழுதுவேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் நிமிடம் போய்விடும். பேசும்போது தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். அது மனப்பாடத்துக்குத் தங்கச்சி.

அதற்கு வழி வார்டிலேயே இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வரும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளியின் விவரம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். உள்ளங்கை அளவு துண்டுத்தாளில் காலையிலிருந்து கிறுக்கி வைத்திருப்பேன். 'ஏழு — நேற்று — சர்க்கரை — கால் — மகன் வரணும்.' ஆறு வார்த்தை. அதைப் பார்த்து ஏழாம் நம்பர் அம்மாவைப் பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் சொல்வேன். எப்போது வந்தார், என்ன நடந்தது, கட்டு எப்போது மாற்றினோம், எதற்காகக் கவலைப்படுகிறார். ஒருநாள் அப்படி ஒப்படைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்ற தங்கச்சிமடத்துக்காரி என் தோளில் அடித்தாள்.

"இதுதாண்டி. அட்டையில நாலு வரி இருக்குல்ல. வரிக்கு ஒண்ணோ ரெண்டோ வார்த்த. அம்புட்டுத்தான்."

பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர் எங்களை முறைத்தார். ஏழாம் நம்பர் அம்மா, "என்னம்மா, எனக்கு ஏதும் ஆயிப்போச்சா?" என்று பயந்துபோனார். இரண்டு பேரும் அவரைச் சமாதானம் செய்துவிட்டு வெளியே வந்து சிரித்தோம்.

இரண்டாவது பரீட்சைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே சென்னைக்கு ரயில் ஏறினோம். எழுத்துத் தேர்வுகள் காலையில் முடிந்துவிட்டன. பேச்சு மாலையில். எனக்கு மூன்றரை, அவளுக்கு நாலு. வெளியே நாற்காலியில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் அதே நாற்பது பதில் நோட்டைத் திறந்து வைத்து உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்காமலே எனக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தது. சொல்லலாமா என்று தோன்றியது. கடைசி நேரத்தில் ஒருத்தியைக் கலைத்துவிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை தேர்வாளர் ஒரு பெண்மணி. நரைத்த முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. முதல் சில கேள்விகளுக்குப் பிறகு அட்டையை வைத்தார்.

'நீங்கள் போன ஒரு அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கே இருந்தது, எப்போது போனீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள், ஏன் அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று விளக்குங்கள்.'

நாங்கள் எழுதிய மருந்து அட்டைகளில் அருங்காட்சியகம் இல்லவே இல்லை. நோட்டிலும் இல்லை. வாழ்நாளில் நான் அப்படி ஒரு இடத்துக்குப் போனதே ஒரே ஒரு தடவைதான். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து ராமநாதபுரம் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே என்ன பார்த்தேன்? வாள், ஈட்டி, சுவரில் ஓவியங்கள். ராஜாக்களின் பெயர் ஒன்றும் தெரியாது. எந்த வருடத்து ஓவியம் என்று தெரியாது. அட்டையை மாற்றிக் கேட்க முடியாது.

பதினைந்து வினாடி இப்படியே போயிருக்கும். 'ஏன் ஞாபகம் இருக்கிறது' என்ற கடைசி வரியில் கண் நின்றது. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பென்சிலை எடுத்தேன். 'அரண்மனை — ஆறாவது — ஓவியம், கால் — செருப்பு — தார் ரோடு.' அவ்வளவுதான் எழுதினேன்.

"ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேசலாம். நடுவில் நான் நிறுத்தினால் கவலைப்படாதீர்கள், நேரம் முடிந்ததைச் சொல்வேன்" என்றார். "இப்போது ஆரம்பிக்கலாம்."

நான் உண்மையிலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு அருங்காட்சியகங்கள் அவ்வளவு பழக்கமில்லை, ஒன்றுக்குத்தான் போயிருக்கிறேன், அது எங்கள் மாவட்டத் தலைநகரில் ஒரு பழைய அரண்மனை என்றேன். கிராமத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் போனோம். என் காலில் புதுச் செருப்பு. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு மனசே இல்லை. உள்ளே வாள்களைப் பார்த்தோம், பிறகு சுவர் முழுக்க வரைந்திருந்த ஓவியங்களைப் பார்த்தோம். வாத்தியார் எதையோ விளக்கினார். நான் கேட்கவில்லை. ஓவியத்தில் இருந்தவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களுக்கு அத்தனை நகை, ஆனால் ஒருத்தி காலிலும் செருப்பு இல்லை. வெளியே வந்தால் என் செருப்பும் இல்லை.

அந்த இடத்தில் அந்தப் பெண்மணியின் புருவம் லேசாக உயர்ந்தது.

அதோடு கதை முடிந்துவிட்டது போல எனக்கு ஒரு கணம் வெறுமையாக இருந்தது. எத்தனை வினாடி ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. அப்போது, 'என்ன கலரு செருப்பு?' என்று கருவாட்டுக்கார அக்கா கேட்பது போல இருந்தது. நீலம் என்றேன். நீல ரப்பர் செருப்பு, பட்டையில் ஒரு வெள்ளைப் பூ. மாசிக் களரிக்கு அய்யா வாங்கிக் கொடுத்தது. மாசிக் களரி என்றால் எங்கள் குலதெய்வத்துக் கோயில் திருவிழா என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தச் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மதியம் பன்னிரண்டு மணி. பஸ் நின்ற இடம் வரை தார் ரோடு கொதித்தது. நான் நிழலுக்கு நிழல் தாவினேன். தார் உருகியதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று வரவில்லை. 'ரோடு போடும் அந்தக் கறுப்புப் பொருள் கொஞ்சம் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது' என்றேன். என் பெஞ்சில் உட்காரும் ஒருத்தி தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி எனக்குத் தந்தாள். ஆளுக்கு ஒரு செருப்பு. அவள் வலது காலில், நான் இடது காலில். கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி…

"தேங்க் யூ" என்றார்.

நிறுத்திவிட்டார். வாக்கியம் அந்தரத்தில் நின்றது. அவர் நிறுத்தினார் என்றால் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிய ஒரு வினாடி பிடித்தது. முடிந்துவிட்டது! சொல்ல இன்னும் மிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. முதல் பரீட்சையில் ஐம்பது வினாடியில் காலியாகி நின்றவள் நான். தோளிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தது போல இருந்தது.

"இப்போது அருங்காட்சியகங்களுக்குப் போவதுண்டா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "ஆனால் போனால் பழைய செருப்புதான் போட்டுக்கொண்டு போவேன்."

அவர் சிரித்துவிட்டார். பரீட்சையில் அப்படிச் சிரிப்பார்களா என்று தெரியாது. தாளையும் பென்சிலையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு மூன்றாவது பகுதிக்குப் போனார். பழைய பொருட்களைக் காப்பாற்றுவது அவசியமா, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பயன் உண்டா, கட்டணம் வாங்கலாமா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வாத்தியார் சொன்ன வரலாற்றைவிடப் பிள்ளைகள் அவர்களாகப் பார்ப்பதுதான் நிற்கும் என்றேன். அங்கங்கே இலக்கணம் சறுக்கியது. திருத்திக்கொண்டு மேலே போனேன்.

வெளியே வந்தபோது தங்கச்சிமடத்துக்காரி கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். "என்னடி வந்துச்சு?"

"மியூசியம்."

"ஐயோ."

"செருப்பு தொலஞ்சதச் சொன்னேன்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். அவளுக்கு வந்தது, 'நீங்கள் அதிகாலையில் எழுந்த ஒரு நாள்.' அவளுடைய அப்பாவின் படகு கரைக்கு வர நேரமான ஒரு விடியற்காலையைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் அவளும் கரையில் நின்றது, தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு படகுப் பாயையும் நம்முடையது என்று நினைத்தது, கடைசியில் அப்பா இறங்கி வந்து முதல் வார்த்தையாக 'காப்பி இருக்கா?' என்று கேட்டது. "அங்கன நிப்பாட்டிட்டாக" என்றாள். "சரியா காப்பிகிட்ட." இரண்டு பேரும் அந்த ஹோட்டல் வாசலில் நின்று, ஆட்டோக்காரர் வந்து "ஏறுறீங்களா இல்லையா?" என்று கேட்கும் வரை சிரித்தோம்.

தபால் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. வார்டில் இருந்தபோது வாட்ச்மேன் இரண்டு உறைகளையும் சேர்த்தே கொண்டுவந்து கொடுத்தார். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தோம். எனக்கு நாலிலும் ஏழு. பேச்சிலும் ஏழு. விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவளுக்குப் பேச்சில் எட்டு. எழுதுவதில் மட்டும் ஆறு.

அவள் தாளை மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்தாள். பிறகு, "எட்டுடி" என்றாள். "எனக்கு இங்கிலீசுல எட்டு. எங்க ஸ்கூல் டீச்சருக்குத் தெரியணும்."

"எழுத்து?"

"அது வந்துரும். பேசுறத எழுதணும், அம்புட்டுத்தானே. நீ சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தேன். நான் விசாவுக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் வாரம் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போய் வந்தேன். அடுத்த முறை அவள் நாலிலும் தேறினாள். எனக்கு ஐந்து மாதம் கழித்து, வேறொரு ஊருக்கு, அவளும் விமானம் ஏறினாள்.

தபால் வந்த அன்று மதியம் டியூட்டி முடிந்ததும் அய்யாவுக்குப் போன் பண்ணினேன். பக்கத்து வீட்டுக்காரர் போன்தான். மிளகாய்க் களத்திலிருந்து அவரைக் கூப்பிட்டுவர நேரமானது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"அய்யா, பேச்சுலயும் பாஸ்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. மெஸ்ஸில் சோறு தீர்ந்திருந்தது. ரசமும் அப்பளமும்தான் மிச்சம். ஒரு கோப்பையில் ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு, அறைக்கு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்தேன். ஆறு பேர் இருக்கும் அறையில் ரேடியோ, சண்டை, சிரிப்பு எல்லாம் இருந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் எழுப்பிய பிறகுதான் எழுந்தேன்.